நான்காவது கேள்வி

"வேலைப்பளு அதிகமாக இருந்தாலும் நோயாளிகளை அன்போடு கவனித்துக்கொள்கிறீர்கள் அல்லவா?"

ஒரு தனியார் மருத்துவமனையின் நர்சிங் கண்காணிப்பாளர் என்னிடம் கொண்டுவந்து காட்டிய கேள்வித்தாளில் நான்காவதாக இருந்தது இது. பக்கத்தில் ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். முந்தைய ஆண்டு இதே தாளைத் தங்கள் செவிலியர்கள் தொண்ணூறு பேரிடமும் கொடுத்திருக்கிறார்கள். ஏறக்குறைய எல்லோரும் 'ஆம்' கட்டத்தில் டிக் அடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அடுத்த சில மாதங்களில் ஒருவர் பின் ஒருவராக வேலையை விட்டுப் போகத் தொடங்கினார்கள்.

"எல்லாம் நல்லா இருக்குன்னுதானே சார் எழுதிக் குடுத்தாங்க. அப்புறம் எதுக்குப் போனாங்க?" என்று கேட்டார் கண்காணிப்பாளர். அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை.

அந்த நான்காவது கேள்விக்கு எந்தச் செவிலியர் 'இல்லை' என்று எழுதுவார்? எழுதினால், நோயாளியிடம் அன்பில்லாதவள் என்று தானே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். சரி, 'ஆம்' என்று எழுதினால் எதற்கு ஆம்? வேலை அதிகம் என்பதற்கா, அன்பாக இருக்கிறேன் என்பதற்கா? ஒரு வாக்கியத்துக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன, பதில் எழுத ஒரு கட்டம்தான் இருக்கிறது. போதாததற்குக் கடைசியில் ஓர் 'அல்லவா'. அந்த ஒரு சொல், எழுதுகிறவரின் கையைப் பிடித்துக் கட்டத்துக்குக் கொண்டுபோகிறது.

பணியாளர்கள் பயந்துகொண்டு பொய் எழுதுகிறார்கள் என்று நிர்வாகத்தினர் பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். பயம் இருப்பது உண்மைதான். ஆனால் நான் பார்த்த பெரும்பாலான தாள்களில், பயமே இல்லாத ஒருவர் வந்து உட்கார்ந்தாலும் உண்மையை எழுத இடம் இருக்காது. அதனால் அந்தக் கண்காணிப்பாளரும் நானும் முதலில் சொற்களிடம் போனோம்.

ஒரு சொல் எவ்வளவு செய்யும் என்பதற்கு ஆய்வாளர்கள் இன்றும் எடுத்துக்காட்டும் பழைய சோதனை ஒன்று உண்டு. 1941-ல் அமெரிக்காவில் டொனால்ட் ரக் என்பவர் வெளியிட்டது. ஒரே மாதிரியான இரண்டு குழுக்களிடம் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டார்கள். மக்களாட்சிக்கு எதிரான பொதுமேடைப் பேச்சை அரசு அனுமதிக்க வேண்டுமா என்று ஒரு குழுவிடம். அதே பேச்சைத் தடைசெய்ய வேண்டுமா என்று இன்னொரு குழுவிடம். அனுமதிக்கக் கூடாது என்றவர்கள் 62 சதவீதம். தடைசெய்ய வேண்டும் என்றவர்கள் 46 சதவீதம். அனுமதிக்காமல் இருப்பதும் தடைசெய்வதும் நடைமுறையில் ஒன்றுதான். ஆனால் 'தடை' என்ற சொல்லின் கடுமையைத் தொட விரும்பாமல் பலர் ஒதுங்கிவிட்டார்கள். கருத்து அதேதான், சொல் மாறியதும் பதில் பதினாறு புள்ளி நகர்ந்தது.

இப்போது நம் மொழிக்கு வருவோம். வேலையைப் பற்றிக் கேட்க நம்மிடம் தயாராக இருக்கும் சொற்கள் 'வேலைப்பளு', 'பணிச்சுமை'. இரண்டுமே தலையில் ஏற்றிய பாரத்திலிருந்து வந்தவை. "உங்கள் பணிச்சுமை எப்படி இருக்கிறது?" என்று கேட்கும்போதே, வேலை ஒரு சுமை என்று கேட்பவர் சொல்லிவிட்டார். சிலர் உடனே ஆமோதித்து, சுமைதான் என்று எழுதுவார்கள். வேறு சிலர், குறிப்பாக மூத்தவர்கள், வேலையைச் சுமை என்று சொல்வது தங்களுக்கு இழுக்கு என்று நினைத்து, சுமையே இல்லை என்று எழுதுவார்கள். இரண்டு பேரும் பதில் சொன்னது அந்தச் சொல்லுக்கு. வார்டில் எத்தனை படுக்கை, எத்தனை பேர் டியூட்டியில் இருந்தார்கள் என்பதற்கு இருவருமே பதில் சொல்லவில்லை.

'வேலையின் அளவு' என்று மாற்றலாம். பாரம் இறங்கிவிடும். ஆனால் "வேலையின் அளவு அதிகமா, குறைவா?" என்றால் எதைவிட அதிகம் என்ற கேள்வி வருகிறது. அரசு மருத்துவமனையிலிருந்து வந்தவர் ஒன்றை நினைப்பார், சின்ன கிளினிக்கிலிருந்து வந்தவர் வேறொன்றை நினைப்பார். ஆகவே நான் அளவையும் விட்டுவிட்டு, நடந்ததைக் கேட்பேன். காலை டியூட்டி ஏழு மணிக்குத் தொடங்கி இரண்டு மணிக்கு முடிய வேண்டும். அதன் பிறகு ஹேண்ட்ஓவர் கொடுத்து, மருந்துச் சீட்டுகளைச் சரிபார்த்து, நோட்ஸ் எழுதி முடித்துக் கிளம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்பதில்தான் அந்த வார்டின் வேலை அளவு இருக்கிறது. எனவே நான்காவது கேள்வி இப்படி ஆனது:

"கடந்த 7 டியூட்டி நாட்களில், டியூட்டி முடியும் நேரத்துக்கு அரை மணிக்கு மேல் கழித்து எத்தனை நாள் கிளம்பினீர்கள்? ____ நாள்"

இதில் அன்பு இல்லை, பளு இல்லை, அல்லவா இல்லை. பூஜ்யம் என்று எழுதினாலும் ஏழு என்று எழுதினாலும் யாருக்கும் பெருமையோ சிறுமையோ கிடையாது. ஏழு நாள் என்பதும் யோசித்து வைத்த எல்லைதான். ஒரு மாதம் என்று கேட்டால் யாரும் எண்ணமாட்டார்கள், தோராயமாக ஒரு எண்ணை எழுதிவிடுவார்கள். ஒரு வாரத்து டியூட்டியை ஒருவரால் உண்மையாகவே நினைவில் எண்ணிப் பார்க்க முடியும்.

கண்காணிப்பாளருக்கு அந்த வெற்றுக் கோடு பிடிக்கவில்லை. "கட்டம் போட்டுக் குடுத்தா டிக் அடிக்கச் சுலபம் சார். ஒண்ணுமில்லை, ஒரு நாள், ரெண்டு நாள், ரெண்டுக்கு மேல. இப்படிப் போடலாமே?" என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் கட்டங்களும் பேசும். 1985-ல் ஜெர்மனியில் நோர்பர்ட் ஷ்வார்ட்ஸும் அவருடைய சகாக்களும், ஒரு நாளில் எவ்வளவு நேரம் தொலைக்காட்சி பார்க்கிறீர்கள் என்று இரண்டு விதமாகக் கேட்டார்கள். ஒரு தாளில் கட்டங்கள் அரை மணியில் தொடங்கி 'இரண்டரை மணிக்கு மேல்' என்பதோடு முடிந்தன. இன்னொரு தாளில் 'இரண்டரை மணி வரை' என்பதே முதல் கட்டம், அதற்குமேல் நான்கரை மணியைத் தாண்டியும் போயின. முதல் தாளில் இரண்டரை மணிக்கு மேல் பார்ப்பதாகச் சொன்னவர்கள் 16 சதவீதம். இரண்டாவது தாளில் 37 சதவீதத்துக்கும் மேல்.

மனிதர்கள் கட்டங்களின் நடுவைப் பார்த்து, ஊரில் எல்லோரும் இவ்வளவுதான் போலிருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள். கடைசிக் கட்டத்தில் போய் நிற்க யாருக்கும் விருப்பம் இருப்பதில்லை. கண்காணிப்பாளர் சொன்ன கட்டங்களில் 'ரெண்டுக்கு மேல' கடைசியாக நிற்கிறது. ஐந்து நாள் தாமதமாகக் கிளம்பிய செவிலியர் அதைப் பார்த்து, நாம்தான் வேகமாக வேலை செய்யவில்லையோ என்று தயங்குவார். வெற்றுக் கோடு எதையும் சொல்லிக் கொடுப்பதில்லை. எண்ணைத் தட்டச்சு செய்து கூட்டுவது அலுவலகத்துக்குக் கொஞ்சம் கூடுதல் வேலை, அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் எண்ணால் கேட்க முடியாது. பழைய தாளில் இன்னொரு கேள்வி: "உங்களுக்குப் போதுமான உணவு இடைவேளை கொடுக்கப்படுவதில்லையா?" இதற்கு ஒருவர் 'இல்லை' என்று எழுதினால் என்ன பொருள்? ஆங்கில வழக்கில் யோசிப்பவருக்கு ஒரு பொருள், தமிழில் யோசிப்பவருக்கு வேறு பொருள். "சாப்பிடலையா?" என்று வீட்டில் கேட்டால், சாப்பிடாதவர் "ஆமா, சாப்பிடல" என்றும் சொல்வார், "இல்ல, சாப்பிடல" என்றும் சொல்வார். நேரில் பேசும்போது முகத்தையும் அடுத்து வரும் சொல்லையும் வைத்துப் புரிந்துகொள்கிறோம். தாளில் வெறும் ஆம், இல்லை என்ற இரண்டு கட்டம் மட்டும் இருக்கும்போது, நூறு பேர் எழுதிய 'இல்லை'யில் எத்தனை எதைக் குறிக்கிறது என்று யாராலும் பிரிக்க முடியாது. தமிழில் எதிர்மறையில் முடியும் கேள்வியை ஆம்-இல்லைக் கட்டத்தோடு கேட்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அந்தக் கேள்வியில் 'கொடுக்கப்படுவது' என்ற சொல்லும் இருக்கிறது. கொடுப்பவர் ஒருவர் இருக்கிறார், வாங்குபவர் குறை சொல்கிறார் என்ற காட்சி உடனே வந்துவிடுகிறது. கொடுத்த கையைக் குறை சொல்ல நம் வளர்ப்பு எளிதில் விடாது. 'போதுமான' என்பதும் ஒரு தீர்ப்பு. இவை இரண்டையும் எடுத்துவிட்டு, "கடந்த 7 டியூட்டி நாட்களில், 15 நிமிடமாவது உட்கார்ந்து சாப்பிட்டது எத்தனை நாள்?" என்று கேட்டோம். பிறகு அந்த 'ஆவது'வையும் எடுத்தேன். 'பதினைந்து நிமிடமாவது' என்பதில் பரிதாபம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. '15 நிமிடமோ அதற்கு மேலோ' என்று எழுதியதும் அது போய்விட்டது.

இப்படியே தாள் முழுக்க இருந்த 'நமது மருத்துவமனை'யையும் மாற்றினோம். நாம் என்பதற்கும் நாங்கள் என்பதற்கும் வேறுபாடு காட்டும் மொழி நம்முடையது. 'நமது' என்றால் கேட்பவரும் அதற்குள் வந்துவிடுகிறார். நமது மருத்துவமனையைப் பற்றி ஒரு குறை எழுதுவது, நம் வீட்டுக் குறையை வெளியே சொல்வதுபோல் ஆகிவிடுகிறது. கண்காணிப்பாளர் அதைப் பாசத்தோடுதான் எழுதியிருந்தார். அந்தப் பாசமே செவிலியரின் வாயை அடைத்தது. 'இந்த மருத்துவமனை' என்று மாற்றியபோது அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். அதேபோல் 'ஏன்' என்று தொடங்கிய கேள்விகளையும் 'எதனால்' என்று ஆக்கினோம். "ஏன் தாமதம்?" என்பதை நம் ஊரில் கேள்வியாக யாரும் கேட்பதில்லை, திட்டாகத்தான் கேட்கிறோம்.

அடுத்தது ஒப்புக்கொள்கிறேன், மறுக்கிறேன் என்று ஐந்து படிகளாகக் கேட்கும் முறை. 1932-ல் ரென்சிஸ் லைக்கர்ட் அறிமுகப்படுத்தியது. இன்று உலகெங்கும் பணியாளர் கணக்கெடுப்புகளில் பெரும்பாலும் இதுதான் இருக்கிறது. இதில் எல்லா ஊரிலும் காணப்படும் ஒரு கோளாறு, சொல்லப்பட்டதை ஒப்புக்கொள்ளும் பழக்கம். மேலிடத்திலிருந்து வந்த தாள் ஒரு வாக்கியத்தைச் சொன்னால், மறுப்பதைவிட ஒப்புக்கொள்வது எளிது. நம்மிடம் இதற்கு மேலும் இரண்டு சிக்கல்கள் உண்டு. 1 முதல் 5 வரை எண் போட்டு, 5 சிறந்தது என்று மேலே ஒரு வரியில் எழுதினால், பள்ளிக்கூடத்தில் முதல் ரேங்க் என்று படித்து வந்த நம்மவர்களில் சிலர் 1-ஐச் சிறந்தது என்று எடுத்துக்கொள்வார்கள். மகிழ்ச்சியாக இருப்பவர் கடும் அதிருப்தியாளராகப் பதிவாகிவிடுவார். எண்ணை எடுத்துவிட்டு ஒவ்வொரு கட்டத்தின் மேலும் சொல்லை எழுதுவதுதான் வழி.

எந்தச் சொல் என்பது இரண்டாவது சிக்கல். பழைய தாளில் நடுக் கட்டத்தில் 'பரவாயில்லை' என்று இருந்தது. நம் மொழியிலேயே அதிகம் வளையும் சொல் அதுவாக இருக்கும். "சம்பளம் எப்படி?" "பரவாயில்லை." இங்கே அது நன்றாக இருக்கிறது என்ற பக்கம் சாய்கிறது. "கால்ல மிதிச்சிட்டேன், ஸாரி." "பரவாயில்லை." இங்கே வலித்தது, பொறுத்துக்கொண்டேன் என்று பொருள். ஒரு கேள்வித்தாளின் நடுவில் அதை வைத்தால், திருப்தியாக இருப்பவரும் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பவரும் ஒரே கட்டத்தில் கூடிவிடுவார்கள். எங்கள் தாளில் நடுக்கட்டம் என்று ஒன்று எங்கெல்லாம் தேவைப்பட்டதோ அங்கெல்லாம் 'பாதி நாட்கள்' என்று போட்டோம். 'ஒருநாளும் இல்லை, சில நாட்கள், பாதி நாட்கள், பெரும்பாலான நாட்கள், எல்லா நாளும்.' டென்மார்க்கில் உருவாகிப் பல நாடுகளில் பயன்படும் கோபன்ஹேகன் கேள்வித்தாளும் வேலை அளவை இந்த வழியில்தான் கேட்கிறது. ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்காமல், கையில் உள்ள வேலையை முடிக்க நேரம் இல்லாமல் போவது எவ்வளவு அடிக்கடி நேர்கிறது என்று கேட்கிறது.

மனநிலையைப் பற்றிக் கேட்பது இதைவிடக் கடினம். பழைய தாளில் "உங்கள் மன உறுதி எப்படி உள்ளது?" என்று ஒரு கேள்வி. மொழிபெயர்ப்பில் வந்த சொல். தமிழில் மன உறுதி என்பது ஒருவருடைய குணம், வைராக்கியம். அது தன்னிடம் குறைவு என்று யார் எழுதுவார்? 'உற்சாகம்' என்றால் விழா மேடை வாசனை அடிக்கிறது. ஒரே சொல்லில் கேட்க முடியாது என்று முடிவு செய்து, அந்தச் சொல் எதைக் குறிக்க வந்ததோ அதைத் தேடினோம்.

இந்த இடத்தில் எனக்கு எப்போதும் நினைவுக்கு வருவது ஹாத்தோர்ன். சிகாகோ அருகே வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் பெரிய தொழிற்சாலை அது. விளக்கொளியைக் கூட்டிக் குறைத்துப் பார்த்த சோதனைகளுக்காக அது பெயர்பெற்றது. ஆனால் அங்கே 1928-ல் தொடங்கி 1930 வரை நடந்த இன்னொரு வேலையை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. தொழிலாளர்களில் சுமார் 21,000 பேரை ஒவ்வொருவராக உட்காரவைத்துப் பேசினார்கள். முதலில் மேற்பார்வை எப்படி, வேலைச் சூழல் எப்படி என்று பட்டியல் வைத்து நேரடியாகக் கேட்டார்கள். தொழிலாளர்கள் கேட்டதற்கு ஒரு சொல்லில் பதில் சொல்லிவிட்டு, தங்கள் மனதில் இருந்த வேறெதையோ பேசப் போனார்கள். பேட்டி எடுத்தவர்கள் அவர்களை இழுத்துவந்து பட்டியலில் நிறுத்தினார்கள், மறுபடி அவர்கள் நழுவினார்கள். கடைசியில் பட்டியலை வைத்துவிட்டு, அவர்கள் எதைப் பேச விரும்புகிறார்களோ அதைப் பேசவிட்டுக் கேட்டார்கள். அரை மணியாக இருந்த பேட்டி ஒன்றரை மணியாக நீண்டது.

தாளை அச்சடிக்கும் முன் நாங்களும் அதைச் சிறிய அளவில் செய்தோம். கேன்டீனில் ஐந்து செவிலியரோடு, ஒருவர் பின் ஒருவராக உட்கார்ந்து, "வேலைக்குக் கிளம்பற நேரத்துல மனசுல என்ன ஓடும் சிஸ்டர்?" என்று மட்டும் கேட்டேன். குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளவில்லை. ஒருவர், டியூட்டி சார்ட்டில் தன்னோடு யார் என்று பார்த்துவிட்டுத்தான் மனம் லேசாகும் அல்லது கனக்கும் என்றார். இன்னொருவர், தன் சித்தப்பா மகள் நர்சிங் முடித்திருக்கிறாள், இங்கே சேர்க்கச் சொல்லி வீட்டில் கேட்கிறார்கள், பதில் சொல்லாமல் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறேன் என்றார். மனநிலைக்கான கேள்விகள் அந்த மேசையிலிருந்து வந்தன. "உங்கள் உறவில் ஒருவர் நர்சிங் முடித்து வேலை தேடுகிறார். இந்த மருத்துவமனையில் சேர்வது பற்றிக் கேட்டால் என்ன சொல்வீர்கள்?" கீழே: கட்டாயம் சேரச் சொல்வேன், சேரலாம் என்பேன், அவர் முடிவுக்கு விட்டுவிடுவேன், வேறு இடம் பார்க்கச் சொல்வேன், கட்டாயம் வேண்டாம் என்பேன். இதற்கு விடை எழுதும்போது யாரும் தன்னைப் பற்றிக் குறை சொல்லிக்கொள்ளவில்லை, மருத்துவமனையையும் நேராகக் குறை சொல்லவில்லை. ஆனால் மனதில் இருப்பது வந்துவிடுகிறது.

கூச்சம் மிகுந்த ஒரு விஷயத்துக்கு வேறொரு அமைப்பைப் பயன்படுத்தினோம். "சில செவிலியர், வேலை தாங்காதபோது இன்சார்ஜ் சிஸ்டரிடம் உடனே சொல்லிவிடுவார்கள். வேறு சில செவிலியர், சொல்லாமல் தாங்களே சமாளித்துவிடுவார்கள். கடந்த ஒரு மாதத்தில் நீங்கள் பெரும்பாலும் எப்படிச் செய்தீர்கள்?" இரண்டு பக்கத்திலும் ஆட்கள் இருக்கிறார்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுவதால், எந்தப் பக்கம் போனாலும் தனியாக நிற்கிறோம் என்ற எண்ணம் வராது. ஆனால் இதில் இரண்டு பாதிகளும் ஒரே எடையில் இருக்க வேண்டும். முதல் வரைவில் நான் 'பொறுமையாகத் தாங்களே சமாளித்துவிடுவார்கள்' என்று எழுதியிருந்தேன். 'பொறுமையாக' என்ற ஒரு சொல் ஒரு பக்கத்துக்கு மாலை போட்டுவிட்டது. அதைக் கண்டுபிடித்தவர் கேன்டீனில் இருந்த செவிலியர்களில் இளையவர். "அப்ப சொல்றவங்க பொறுமை இல்லாதவங்களா சார்?" என்றார்.

வரிசைக்கும் ஒரு வார்த்தை. மொத்தத்தில் வேலை எப்படி இருக்கிறது என்ற பொதுக் கேள்வியை முதலில் வைக்க வேண்டும். சாப்பாடு, தாமதம், லீவு என்று எல்லாவற்றையும் எண்ணவைத்துவிட்டுக் கடைசியில் அதைக் கேட்டால், அந்த ஐந்து நிமிடத்தில் நினைவுபடுத்தியதுதான் பதிலாக வரும்.

சொற்களை எவ்வளவு சரிசெய்தாலும், எழுதியது யாரென்று தெரிந்துவிடும் என்றால் எல்லாம் வீண். பழைய தாளின் மேற்பகுதியில் பெயர் கேட்கவில்லை, பெருமையாக அதைச் சொல்லிக்கொண்டார்கள். ஆனால் வார்டு, பாலினம், வயது, எத்தனை ஆண்டு அனுபவம் என்று நான்கு விவரம் கேட்டிருந்தார்கள். ஐ.சி.யூ.வில் ஆண் செவிலியர் ஒரே ஒருவர். அவர் அந்த நான்கையும் நிரப்பியதும் பெயரையே எழுதியதற்குச் சமம். இது அவருக்கும் தெரியும். இங்கிலாந்தில் என்.எச்.எஸ். என்ற பொது மருத்துவத் துறை 2003 முதல் ஆண்டுதோறும் தன் பணியாளர்களிடம் நடத்தும் கணக்கெடுப்பில், பதில் அளித்தவர்கள் மிகக் குறைவாக இருக்கும் பிரிவின் முடிவைத் தனியாகக் காட்டுவதில்லை. நாங்கள் அந்த முறையை எடுத்துக்கொண்டு, பதினோரு பேர் இல்லாத வார்டுகளைப் பக்கத்து வார்டோடு சேர்த்தோம். ஐ.சி.யூ.வும் ஆபரேஷன் தியேட்டரும் ஒரே கட்டம் ஆயின. வயது, பாலினம், அனுபவம் மூன்றையும் நீக்கினோம். அவற்றை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டதற்குக் கண்காணிப்பாளரிடம் பதில் இல்லை. எப்போதும் கேட்பார்கள், அதனால் கேட்டார்கள்.

கைப்பேசியில் நிரப்பவைக்கலாமே என்ற பேச்சும் வந்தது. கூகுள் ஃபார்மில் `Collect email addresses` என்பதை அணைத்துவிடலாம். ஆனால் ஒருவர் ஒருமுறைதான் நிரப்ப வேண்டும் என்று `Limit to 1 response` போட்டால், ஃபார்ம் திறக்கும் முன் தங்கள் கணக்கில் நுழையச் சொல்லும். மின்னஞ்சல் முகவரி பதிவாகாது என்று நாம் எத்தனை முறை சொன்னாலும், அதே முகவரி திரையில் தெரியும்போது யார் நம்புவார்கள்? இன்னொன்று, பதில்கள் சேரும் தாளில் முதல் நிரலாக `Timestamp` நிற்கும். இரவு இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு ஒரு பதில் வந்திருந்தால், அன்று நைட் டியூட்டி யார் என்று டியூட்டி சார்ட்டைப் பார்த்தால் போதும். ஆகவே காகிதத்துக்கே திரும்பினோம். கையெழுத்து தெரியாமல் இருக்க, எண்ணும் டிக்கும் மட்டும். கடைசியில் இருந்த ஒரே எழுத்துக் கேள்வியில், விரும்பினால் மட்டும் எழுதலாம், பெரிய எழுத்தில் எழுதலாம் என்று குறிப்பு. பெட்டியை கண்காணிப்பாளரின் அறை வாசலில் வைக்காமல் உடைமாற்றும் அறையில் வைத்தோம். திறப்பது நான், எண்ணிய பிறகு தாள்களை அழிப்பதும் நான் என்று தாளின் மேலேயே எழுதினோம்.

எந்த நேரத்தில் நிரப்புவது என்பதைப் பெரும்பாலோர் யோசிப்பதே இல்லை. டியூட்டி முடிந்து போகும்போது எழுதிப் போடுங்கள் என்றால், வேலை குறைவாக இருந்தவர் நின்று எழுதிப் போடுவார். வேலை மிஞ்சியவர் பேருந்தைப் பிடிக்க ஓடுவார். வேலை அளவை அறிய எடுக்கும் கணக்கில், வேலை அதிகம் உள்ளவர்களே விடுபட்டுப் போவார்கள். முடிவைப் பார்த்தால் எல்லாம் நன்றாக இருப்பதாகத் தோன்றும். ஒவ்வொரு ஷிஃப்டிலும் டியூட்டி நேரத்துக்குள்ளேயே பதினைந்து நிமிடம் ஒதுக்கி, அந்த நேரம் வார்டைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் போட வேண்டும் என்று கேட்டேன். இதற்குத்தான் நிர்வாகம் அதிகம் தயங்கியது. மூன்று நாள் பேசிய பிறகு ஒப்புக்கொண்டார்கள்.

தாள்கள் திரும்பி வந்ததும், கூட்டல் கணக்குக்கு முன் நான் பார்ப்பது சில அடையாளங்களை. மேலிருந்து கீழ்வரை ஒரே நிரலில் டிக் விழுந்திருந்தால் அந்தத் தாள் படிக்கப்படவே இல்லை. ஒரே கேள்வியைப் பலர் காலியாக விட்டிருந்தால் அந்தக் கேள்வியில் ஏதோ பயமுறுத்துகிறது, அல்லது புரியவில்லை. ஒரு வார்டிலிருந்து மட்டும் எல்லாத் தாளிலும் ஒரே விடைகள் வந்திருந்தால், யாரோ பக்கத்தில் நின்றிருக்கிறார்கள். இந்த மருத்துவமனையில் ஒரு வார்டின் தாள்கள் அப்படி வந்தன. அந்த வார்டை முடிவில் சேர்க்கவில்லை. காரணத்தை நான் விசாரிக்கவும் இல்லை. விசாரித்திருந்தால், பெட்டியைத் திறப்பவர் விசாரிப்பார் என்று மற்ற வார்டுகளுக்கும் தெரிந்துபோயிருக்கும்.

அச்சடிக்கும் முன் கடைசியாக ஒரு செவிலியரிடம் தாளைக் கொடுத்து, படித்துக்கொண்டே மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொன்னேன். நான்காவது கேள்விக்கு வந்ததும் விரலை மடக்கத் தொடங்கினார். "திங்கள் ரெண்டு இருபதுக்கே கிளம்பிட்டேன், அது வராது. செவ்வாய் ஒரு அட்மிஷன், மூணே கால் ஆச்சு. புதன் அந்தத் தாத்தா தவறினாரு, எல்லாம் எழுதி முடிக்க நாலு மணி…" என்று எண்ணிக்கொண்டே போய், பேனாவை எடுத்து 4 என்று எழுதினார். பிறகு அந்த எண்ணைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிவுகளைப் பார்த்த பிறகு நிர்வாகம் மாலை டியூட்டிக்குக் கூடுதல் ஆட்களை எடுத்தது. ஆறு மாதம் கழித்து மறுபடி அதே தாளைக் கொடுப்பதாகத் திட்டம். அதற்கு முன் கண்காணிப்பாளர் தொலைபேசியில் அழைத்தார். "நாலாவது கேள்வியில சின்னதா ஒரு திருத்தம் பண்ணலாமா சார்? 'கூடுதல் செவிலியர்கள் நியமிக்கப்பட்ட பிறகு' அப்படின்னு முன்னாடி சேர்த்தா, அவங்களுக்கும் ஞாபகம் வரும் இல்லையா?"

சேர்க்க வேண்டாம் என்றேன். சேர்த்தால், அடுத்த தாளில் எண் குறைந்திருந்தால் அது ஆட்களால் குறைந்ததா, அந்த நான்கு சொற்களால் குறைந்ததா என்று நமக்குத் தெரியாமலே போய்விடும் என்று விளக்கினேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "சரி சார், பழைய தாளையே ஜெராக்ஸ் எடுத்துடறேன்" என்றார்.